உரிமம் இல்லாமையும் உரிமம் கையில் இல்லாமையும் ஒன்றல்ல

(வாகனத் தொழிலாளர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நவி மும்பையின் வாஷி சந்தையில் சரக்கு ஏற்றிக்கொண்டு நாக்பூர் நோக்கிச் செல்லும் ஒரு லாரி ஓட்டுநரை எடுத்துக்கொள்வோம். வழியில் போலீசார் வண்டியை நிறுத்துகின்றனர். உரிம அட்டை வீட்டில் கிடக்கிறது. வாட்ஸ்அப்பில் இருக்கும் அதன் புகைப்படத்தை அவர் காட்டுகிறார். “இது செல்லாது” என்கிறார் அதிகாரி. அபராதச் சீட்டில் “உரிமமின்றி ஓட்டியது” என்று பதிவாகிறது. இங்கே அதிகாரி ஓரிடத்தில் சரியாகவும் ஓரிடத்தில் தவறாகவும் நடந்துகொண்டிருக்கிறார். இரண்டையும் பிரித்தறியாவிட்டால் ஓட்டுநரின் பல நாள் கூலி போய்விடும்.

முதலில், எந்தெந்த ஆவணங்கள் தேவை? எந்த வாகனமாயினும் ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்றிதழ், காப்பீட்டுச் சான்று, புகைச் சான்று ஆகிய நான்கும் வேண்டும். லாரி, டாக்சி போன்ற வணிக வாகனங்களுக்கு எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றும் பெர்மிட்டும் கூடுதலாக வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 130ஆவது பிரிவின்படி, சீருடையில் உள்ள எந்தப் போலீஸ் அதிகாரி கேட்டாலும் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டியாக வேண்டும். ஏனைய ஆவணங்களைக் காட்டும் கடமையை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 139ஆவது விதி விளக்குகிறது.

அந்த விதி 2018 நவம்பரில் திருத்தப்பட்டது. ஆவணங்களை அச்சு வடிவிலோ மின்னணு வடிவிலோ காட்டலாம் என்பது அப்போதுதான் விதியில் இடம்பெற்றது. ஆனால், கைபேசித் திரையில் தெரிவதெல்லாம் மின்னணு ஆவணம் ஆகிவிடாது. அட்டையைப் படம் பிடித்து வைத்திருந்தால் அது வெறும் படம்தான். டிஜிலாக்கரில் நாமே பதிவேற்றிய படத்துக்கும் அதே நிலைதான். ‘Issued’ என்ற தலைப்பின்கீழ், போக்குவரத்துத் துறையின் பதிவேட்டிலிருந்து நேரடியாக வந்து சேர்ந்த உரிமமே மூல ஆவணத்துக்குச் சமம். எம்பரிவாஹன் செயலியில் வரும் உரிமமும் பதிவுச் சான்றிதழும் அதே பதிவேட்டிலிருந்து வருவதால் அவையும் ஏற்கத்தக்கவை. ஆகவே, வாட்ஸ்அப் படத்தை அதிகாரி மறுத்தது சரியே.

அப்படியானால் அவர் தவறியது எங்கே? உரிமமே பெறாமல் ஓட்டுவது ஒரு குற்றம். பெற்ற உரிமத்தைக் கேட்டபோது காட்டாதது வேறொரு குற்றம். முன்னதற்கு 181ஆவது பிரிவு பொருந்தும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அபராதம் 5,000 ரூபாய். அதோடு, 207ஆவது பிரிவின்கீழ் வண்டியையே நிறுத்திவைக்க முடியும். பின்னதற்குப் பொதுவான 177ஆவது பிரிவு பொருந்தும்; முதல் முறை 500 ரூபாய் வரை. அந்தந்த இடத்திலேயே வசூலிக்கப்படும் தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடலாம். ஆயினும் இரு பிரிவுகளுக்கும் இடையிலான தூரம் எங்கும் மாறுவதில்லை. நம் ஓட்டுநர் செய்தது இரண்டாவது வகை. அவர்மீது எழுதப்பட்டதோ முதல் வகை.

இதை எவ்வாறு கண்டுகொள்வது? அபராதச் சீட்டில் தொகையை மட்டும் பார்க்கக் கூடாது. பிரிவின் எண்ணைப் படிக்க வேண்டும். 181 என்று இருந்தால், உரிம எண்ணைச் சொல்லி, துறையின் பதிவேட்டில் சரிபார்க்குமாறு அங்கேயே கேட்க வேண்டும். அட்டை இல்லாவிட்டாலும் எண் நினைவில் இருந்தாலோ ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாலோ போதும். அப்படியும் சரிபார்க்கப்படாவிட்டால், 139ஆவது விதி 15 நாள் அவகாசம் தருகிறது. சான்றொப்பமிட்ட நகலை அந்த அதிகாரியிடம் நேரில் காட்டலாம், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பலாம். தபால் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். வழக்கு நீதிமன்றம் சென்றால், உரிமம் இருந்ததென்பதற்கு உரிமமும், அதைக் காலத்தில் அனுப்பியதற்கு அந்த ரசீதும் சான்றாகும்.

அடுத்தது பதிவுச் சான்றிதழ். கூலிக்கு ஓட்டுபவரின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. உரிமம் அவருடையது, வண்டியின் தாள்களோ முதலாளியுடையவை. டிஜிலாக்கர் பதிவுச் சான்றிதழை உரிமையாளரின் பெயரோடு ஒப்பிட்டே தருவதால், ஓட்டுநரின் கணக்கில் அது வராது. மேலும், வணிக வாகனத்தின் பதிவுச் சான்றிதழுக்கும் தகுதிச் சான்றுக்கும் 130ஆவது பிரிவின் அவகாசச் சலுகை பொதுவாகப் பொருந்தாது. விதிகள் இடமளிக்கும் அளவுக்கே பொருந்தும் என்று சட்டமே வரம்பிடுகிறது. ஆகவே ‘பிறகு கொண்டுவந்து காட்டுகிறேன்’ என்பதை நம்பி லாரியை எடுக்கக் கூடாது. வண்டி புறப்படுமுன் முதலாளி எம்பரிவாஹன் வழியாகப் பதிவுச் சான்றிதழை ஓட்டுநரின் கைபேசிக்குப் பகிர வேண்டும். தகுதிச் சான்று, பெர்மிட், காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றின் அச்சுப் பிரதிகளை வண்டியிலேயே வைக்க வேண்டும். காப்பீடும் பெர்மிட்டும் இல்லாத வண்டியை ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்பவரும் அனுமதிப்பவரும் குற்றவாளிகளே என்று சட்டம் கூறுகிறது. தாள் கேட்பது முதலாளியிடம் சலுகை கேட்பதாகாது.

மூன்றாவது, ஆவணப் பறிமுதல். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதில் முக்கியமானது. மின்னணு வழியில் ஆவணம் சரிபார்க்கப்பட்டுவிட்டால், அச்சு அட்டையைக் கேட்கக் கூடாது; பறிமுதல் செய்ய வேண்டிய குற்றம் நேர்ந்தபோதும் கேட்கக் கூடாது. அத்துடன், சோதனை நடந்த தேதி, நேரம், சோதித்த அதிகாரியின் அடையாளம் ஆகியவை இணையதளத்தில் பதிவாக வேண்டும். ஒரே வண்டியை அடுத்தடுத்த இடங்களில் நிறுத்தி அதே தாள்களை மீண்டும் மீண்டும் கேட்கும் தொல்லையைக் குறைப்பதே இதன் நோக்கம்.

பறிமுதலுக்கும் வரம்பு உண்டு. ஆவணம் போலி என்று நம்பக் காரணம் இருந்தாலோ, ஓட்டுநர் நீதிமன்ற அழைப்பைத் தவிர்ப்பார் என்று கருதக் காரணம் இருந்தாலோ, அபாயகரமாக ஓட்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல் போன்று சட்டம் குறிப்பிடும் சில குற்றங்களிலோ 206ஆவது பிரிவின்கீழ் உரிமத்தை எடுத்துக்கொள்ளலாம். அழைப்பைத் தவிர்ப்பார் என்ற கருத்தில் உரிமத்தை எடுத்தால், அதற்குத் தற்காலிக ஒப்புகைச் சீட்டு தந்தாக வேண்டும். அந்தச் சீட்டு, அதில் குறித்த காலம்வரை வண்டி ஓட்ட அனுமதிக்கும். அடுத்த இடத்தில் உரிமத்துக்குப் பதிலாக அதையே காட்டலாம். சீட்டு வாங்காமல் நகர்ந்தால், ஓட்டுநர் உரிமத்தையும் இழந்து, உரிமம் எங்கே போனதென்ற சான்றையும் இழந்து நிற்பார்.

இறுதியாக ஒரு வரம்பு. டிஜிலாக்கர் திறக்க இணையம் வேண்டும்; கைபேசியில் மின்னூட்டம் வேண்டும். காட்டுப் பகுதிகளில் இரண்டும் கைவிடலாம். எனவே நெடுந்தூரம் செல்பவர் அட்டையையும் உடன் வைத்திருப்பதே நல்லது.

நம் வாஷி ஓட்டுநரிடம் உரிம எண் எழுதிய ஒரு தாளும், சீட்டில் 181க்கும் 177க்கும் உள்ள வேறுபாடு குறித்த தெளிவும் இருந்திருந்தால், அவர் 5,000 ரூபாய்க் குற்றத்துக்கு ஒப்பமிட்டிருக்க மாட்டார்.