இறந்தவரின் சேமலாபமும் சேவைக்காலப் பணமும்: வாரிசுகள் செய்ய வேண்டியது

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலையில் இருக்கும்போதே ஒரு தொழிலாளி இறந்துவிட்டால், அவர் உழைத்துச் சேர்த்த பணம் மூன்று இடங்களில் இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதி தொழில் திணைக்களத்தின் ஊடாக வருகிறது. ஊழியர் நம்பிக்கை நிதி அதற்கான சபையிடம் இருக்கிறது. சேவைக்காலப் பணம் தோட்ட நிர்வாகம் கொடுக்க வேண்டியது. ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றவையும் தானாக வந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி வராது. மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 22 வருடம் கொழுந்து பறித்த ஒரு தாய் காலமானார். கணவரும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவரது நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நாட்கூலி பெறுவோருக்கு ஒவ்வொரு பூர்த்தியான வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் என்று 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அப்படியானால் வருடத்துக்கு 18,900 ரூபா. 22 வருடத்துக்கு 4,15,800 ரூபா. ஐந்து வருடமாவது வேலை செய்திருந்தால்தான் இந்த உரிமை உண்டு.

இந்தப் பணம் யாருக்கு? மலையகத்தில் நமக்குப் பொருந்துவது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். யாழ்ப்பாணத்துத் தேசவழமை நமக்குப் பொருந்தாது. பாதி கணவருக்கு, அதாவது 2,07,900 ரூபா. மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆளுக்கு 69,300 ரூபா. கல்யாணமாகிப் போன மகளுக்கும் இதே பங்குதான்.

சேமலாப நிதியின் வழி வேறு. அந்தத் தாய் உயிரோடு இருக்கும்போது பின்னுரித்தாளராக ஒருவரை எழுதிப் பதிந்திருந்தால், பணம் அவருக்கே போகும். வாரிசை நிரூபிக்கும் வேலை இல்லை. எழுதாவிட்டால் சட்டப்படியான வாரிசுகள் ‘எல்’ படிவத்தில் கேட்க வேண்டும். ஆனால் இதற்காக எழுதிய பெயர் தோட்டத்துச் சேவைக்காலப் பணத்துக்குச் செல்லாது. அங்கே வாரிசுகள்தான் கேட்க வேண்டும்.

வாரிசை எப்படிக் காட்டுவது? மரணச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், எல்லாப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைகள், இவை முதலில் வேண்டும். கிராம அலுவலர் குடும்ப விபரத்தை எழுதித் தருவார். அதைப் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்த வேண்டும். ஒரு பிள்ளையின் பெயரை விட்டுவிட்டு எழுதினால், பின்பு அந்தப் பிள்ளை வந்து கேட்கும்போது எல்லாம் நின்றுவிடும். வாரிசுகளுக்குள் தகராறு இருந்தாலோ, திணைக்களம் நீதிமன்ற ஆவணம் கேட்டாலோ, சட்டத்தரணி மூலம் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். நிர்வாகக் கடிதமோ வாரிசுரிமைச் சான்றிதழோ அங்கேதான் கிடைக்கும். எல்லா வாரிசுகளுக்கும் தெரியப்படுத்தி, பத்திரிகையில் அறிவித்தல் போட்டு, எதிர்ப்பு உண்டா என்று பார்ப்பதால் அதற்கு மாதக்கணக்கு ஆகும்.

இப்போது உண்மையான தடங்கலுக்கு வருவோம். செக்ரோலில் ‘லெட்சுமி’, அடையாள அட்டையில் ‘மகாலெட்சுமி’, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் ‘இலட்சுமி’. நமக்கு ஒரே ஆள், காகிதத்துக்கு மூன்று பேர். கோப்பு இங்கேதான் திரும்பி வருகிறது. சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, மூன்று பெயரும் ஒருவருடையதே என்று தோட்ட நிர்வாகத்தின் கடிதத்தையும் கிராம அலுவலரின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமான வழி. திருமணப் பதிவு இல்லாத வீட்டில் சிக்கல் இதைவிடப் பெரிது. ஒருவர் இறந்த பின் பதிவு செய்ய முடியாது. கோவிலில் தாலி கட்டிய திருமணத்தை நிரூபிக்க நீதிமன்றம்வரை போக நேரிடலாம்.

வேலை முடிந்த 30 நாளுக்குள் சேவைக்காலப் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். தாமதித்தால், தாமதத்தின் அளவைப் பொறுத்து 10 முதல் 30 வீதம்வரை மேலதிகமாகச் சேரும். ஆகவே எழுத்தில் கேளுங்கள். கொடுத்த திகதியோடு பிரதி ஒன்றில் கையொப்பம் வாங்கி வையுங்கள். பதில் இல்லையென்றால் அந்தப் பிரதியோடு ஹட்டன் அல்லது நுவரெலியா தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். வாய்ப்பேச்சுக்கு அங்கே சாட்சி இல்லை.

அடுத்த சம்பள நாளில் ஒவ்வொரு தலைவரும் தலைவியும் தங்கள் லயத்தில் மூன்றைக் கேளுங்கள்: அடையாள அட்டையிலும் செக்ரோலிலும் பெயர் ஒன்றா? திருமணம் பதிந்தாயிற்றா? சேமலாபத்துக்குப் பின்னுரித்தாளரை எழுதியாயிற்றா, அந்தப் பெயர் இப்போதைய குடும்பத்துக்குப் பொருந்துமா? ஆள் இருக்கும்போது இவற்றை அவரே கையொப்பமிட்டுத் திருத்தலாம். போன பிறகு பிள்ளைகள்தான் அலைய வேண்டும்.