பாக்கு நீரிணையைக் கடக்கும் நேரோட்டம்

 

இக்கருத்தரங்குக்குத் தலைமை தாங்குமாறு பணித்தபோது, கல்முனையில் கூடும் சபைக்கு மதுரையிலிருந்து அநுராதபுரத்துக்கு வரக்கூடிய மின்பாதையைப் பற்றி என்ன கவலை என்று சிலர் என்னிடம் நகைத்தனர். இந்தத் தீவு முழுவதற்கும் மின்வலையமைப்பு ஒன்றே. அதன் ஒரு கோடியில் விழும் அடி மறுகணமே நம் வீட்டு விளக்கில் தெரிகிறது. ஆகையால் அக்கவலை நமக்கும் உண்டென்றே அவர்களுக்கு விடை கூறினேன்.

இரு தேசத்து மின்வலைகளையும் இணைக்கும் சாத்தியத்தை ஆராய 2010 ஜூன் மாதத்தில் புரிந்துணர்வு ஏற்பட்டது. ஐந்நூறு மெகாவாற்று வீதம் இரு கட்டங்களாக ஆயிரம் மெகாவாற்றைக் கடத்துவது அப்போது பேசப்பட்ட அளவு. அநேக ஆண்டுகள் உறங்கிக் கிடந்த அந்த யோசனைக்கு 2025 ஏப்ரலில் கொழும்பில் மீண்டும் ஓர் உடன்பாடு கையொப்பமாயிற்று. பாதையைப் பற்றியும் செலவைப் பற்றியும் அபிப்பிராயங்கள் மாறி மாறி வந்திருப்பினும், இணைப்பு உயர் வோல்ற்றளவு நேரோட்டத்தால் அமைய வேண்டும் என்ற ஒன்று மட்டும் மாறவில்லை. அதன் காரணத்தை விசாரிப்பதே என் உரையின் பொருள்.

பாடநூல்கள் முதலில் சொல்லும் காரணம் கடலடி வடத்தைச் சார்ந்தது. நடுவில் செப்புக் கடத்தி, அதைச் சுற்றித் தடித்த காவலி, அதற்கு வெளியே உலோக உறை என அமைந்த வடம், பெயரில் வடமேயானாலும் செயலில் பல கிலோமீற்றர் நீண்ட ஒரு கொள்ளளவி. ஆடலோட்டத்தின் வோல்ற்றளவு செக்கனுக்கு ஐம்பது முறை ஏறி இறங்கித் திசை மாறுவதால், இந்த நீண்ட பாத்திரத்தை ஒவ்வொரு முறையும் நிரப்பவும் வெறுமையாக்கவும் வேண்டியிருக்கிறது. அதற்கென ஓடும் மின்னோட்டம் ஒரு விளக்கையும் ஏற்றாமலே கடத்தியில் இடம் பிடித்து, அதைச் சூடாக்கியும் விடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 கிலோவோல்ற்று ஆடலோட்ட வடம் ஒன்றின் கொள்ளளவத்தைக் கிலோமீற்றருக்கு 0.2 மைக்ரோபரட் என்று கொண்டால், அதை நிரப்பும் ஓட்டம் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 14.5 அம்பியர், ஐம்பது கிலோமீற்றருக்கு 725 அம்பியர். வடம் தாங்குவது ஆயிரம் அம்பியர் எனின், இவ்விரு ஓட்டங்களும் நேராகக் கூடாமல் செங்கோணத்தில் கூடுவதனால், பிரயோஜனமான மின்சாரத்துக்கு 690 அம்பியர் அளவே மிஞ்சுகிறது. அறுபத்தொன்பது கிலோமீற்றர் ஆனதும் ஒன்றும் மிஞ்சாது. வடம் தன்னைத்தானே நிரப்பிக்கொள்வதிலேயே முழு ஓட்டத்தையும் செலவிட்டுவிடும். நேரோட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. தொடக்கத்தில் ஒருமுறை நிரம்பிய வடம் நிரம்பியபடியே நிற்க, அதன் பின் கடத்தி முழுவதும் நமக்கே உரியதாகிறது. 1954இல் சுவீடன் தன் பெருநிலத்திலிருந்து கொத்லாந்துத் தீவுக்கு நூறு கிலோவோல்ற்றில் இருபது மெகாவாற்றை ஒற்றை வடத்தால் அனுப்பியபோது இதுவே ஆதாரமாயிற்று. திரும்பும் பாதையாகச் சமுத்திரத்தையே பயன்படுத்தினர்.

ஆயினும் உண்மையை மறைக்கலாகாது. பாக்கு நீரிணையில் கடல் தாண்டும் தூரம் அவ்வளவு பெரிதன்று. வடத்தின் இரு முனைகளிலும் ஈடுசெய்யும் சுருள்களை வைத்து நிரப்பும் ஓட்டத்தைப் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டால், ஐம்பது கிலோமீற்றரை ஆடலோட்டத்தாலும் சமாளித்துவிடலாம். பாடநூற் காரணம் நமக்குப் பாதிக் காரணமே. மீதியை விளக்க நம் கடற்கரைக்கே போக வேண்டும்.

கல்முனைக் கரையில் விடியற்காலையில் கரைவலை இழுப்பதை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். இரு கயிற்றையும் இரண்டு கூட்டத்தார் பிடித்துக்கொண்டு, ஒரே தாளத்துக்கு அடி பெயர்த்துப் பின்வாங்கி வர, மடி நேராகக் கரையேறுகிறது. ஒரு பக்கத்தார் தாளம் பிசகினால் மறுபக்கத்துக் கயிறும் அதிர்கிறது; வலை ஒருபுறம் சாய்கிறது. ஆடலோட்டத்தால் இணைந்த மின்பிறப்பாக்கிகள் யாவும் இவ்விதமே ஒரே மீடிறனில், ஒரே அடியில் சுழன்றாக வேண்டும். நம் மின்வலை இந்திய வலையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. இரு தேசமும் ஐம்பது ஹேர்ட்ஸ் என்று பெயரளவில் ஒத்திருந்தாலும், இவ்வளவு பெரிய கூட்டத்தோடு ஒரு மெல்லிய கயிற்றால் நம்மைப் பிணைத்தால், அங்கே நேரும் சிறு அசைவும் அக்கயிற்றுக்குப் பெரிய இழுப்பாகி, நாம் வேண்டாத நேரத்தில் வேண்டாத அளவு மின்சாரம் அதில் பாயும். அல்லது அது அறுந்தே போகும்.

நேரோட்ட இணைப்பில் அந்தத் தாளம் கடலைக் கடப்பதில்லை. அக்கரையிலுள்ள மாற்று நிலையம் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கி அனுப்ப, இக்கரையிலுள்ளது அதை நம் தாளத்துக்கேற்ற ஆடலோட்டமாக மீண்டும் மாற்றுகிறது. எவ்வளவு பாய வேண்டும் என்பதை இயக்குவோர் கட்டளையிட்டே தீர்மானிக்கிறார்கள். 2012 ஜூலை 30, 31ஆந் திகதிகளில் இந்தியாவின் வட, கிழக்கு, வடகிழக்குப் பிரதேசங்கள் இருளில் மூழ்கியபோது தென்னிந்திய வலை நிமிர்ந்து நின்றதை நினைவுகூருங்கள். அக்காலத்தில் தென்பகுதி மற்றவற்றோடு நேரோட்டத்தாலேயே இணைந்திருந்தது. ஒடிசாவின் தால்சரிலிருந்து கோலாருக்கு வந்த மின்சாரம் நின்றதேயன்றி, அங்கே பிசகிய தாளம் தெற்கே வரவில்லை.

நெடுந்தூரத் தரைவழிப் பாதைகளின் கதை வேறு. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டுப் புகளூருக்கு 1,700 கிலோமீற்றருக்கு மேல் ஆறாயிரம் மெகாவாற்றைக் கொண்டுவரும் 800 கிலோவோல்ற்றுப் பாதையில் இரண்டு துருவக் கம்பித் தொகுதிகளே போதுமென்பதும், ஆடலோட்டத்தின் தூரத் தடைகள் அங்கே எழாவென்பதும் காரணங்கள். அதை விரிக்க நேரமில்லை.

இனி, இதன் குறைகள். மாற்று நிலையங்கள் விலை மிக்கவை. ஒவ்வொன்றிலும் கடக்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஒன்று அல்லது சற்றுக் குறைவாக நஷ்டமாகும். பழைய வகை நிலையம் எதிர்ப்புற வலையின் வலிமையில் சாய்ந்தே இயங்குவது. நம் வலையில் வோல்ற்றளவு ஒரு கணம் சரிந்தால் அதன் மாற்று வேலையும் தடுமாறும். புதிய திரான்சிஸ்டர் வகைக்கு அந்தச் சார்பு இல்லை. வடத்துக்கோ, நீர் ஆழம் குறைந்த பாக்கு விரிகுடாவில் நங்கூரமும் இழுவை மடியும் பகை. ஆகையால் அதைக் கடலடி மண்ணில் புதைத்தே இட வேண்டும். அறுந்துவிட்டால் கரையிலிருந்து ஒரு மின்துடிப்பை அனுப்பி, அது முறிவில் மோதித் திரும்பும் நேரத்தை அளந்து இடத்தை அறிகிறார்கள். முப்பது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள முறிவுக்கு அது போய் வர ஒரு செக்கனில் ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கு ஆகும். திருத்துவதற்கோ கப்பலும் நல்ல காற்றுக்காலமும் வாய்க்கும்வரை காத்திருக்க வேண்டும்.

என்னை உறுத்தும் விஷயம் வேறு. தாளம் கடக்காதெனினும் இழப்பு கடக்கும். நுரைச்சோலையின் அலகுகள் முந்நூறு மெகாவாற்று அளவின. அவற்றில் ஒன்று விழுந்தாலே நம் மீடிறன் தள்ளாடுகிறது. நள்ளிரவில் தீவின் தேவை குறைந்திருக்கும் வேளையில் ஐந்நூறு மெகாவாற்றுத் துருவம் ஒன்று திடீரென நின்றால், எஞ்சிய பிறப்பாக்கிகள் ஈடுகொடுக்கும் முன் எத்தனை பாவனையாளரைத் துண்டிக்க நேரும்? இரண்டாந் துருவமும் இருந்தால் இழப்பு பாதியோடு நிற்கும். முதற்கட்டத்தில் அது இராது. நான் கட்டளையிடுபவனாயின், இரவு வேளையில் முந்நூறுக்கு மேல் பாய விடமாட்டேன். இவ்வெல்லை சரிதானா என்பதை முதற் கட்டுரை வாசிப்பவர் தம் கணக்கோடு ஆராய வேண்டுமென்று கேட்டு, அவரை மேடைக்கு அழைக்கிறேன்.