மூட்டை ஓரிடம், பணம் ஓரிடம்

மரக்காணத்து உப்பை இணையக் கடை போட்டு விற்கிறவர்களுக்கும், விற்க நினைக்கிறவர்களுக்கும்தான் இன்று பேசுகிறேன். உங்கள் சரக்கு வருஷம் முழுக்க விளைவதில்லை. வடகிழக்கு மழை இறங்கிவிட்டால் பாத்தியில் உப்பு வாரமுடியாது. அடுத்த பருவம் வரைக்கும் கிடங்கில் இருப்பதுதான் கையிருப்பு. அதனால் இருபது மூட்டை என்று கடை காட்டினால் இருபதும் அங்கே இருக்கவேண்டும்.

ஆர்டர் வரும்போது கணக்கு பிசகுவது அரிது. ரத்து, பாதி ரீஃபண்ட், ரிட்டர்ன் என்று வரும்போதுதான் பிசகுகிறது. பணம் திரும்புவது ஒரு வேலை, சரக்கு திரும்புவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே வேலையாக நினைத்து ஒரே பட்டனை அமுக்கிவிடுகிறோம்.

வூகாமர்ஸ் கடை, ரேசர்பே வழியாகப் பணம் என்று வைத்துக்கொண்டு ஒரு சோதனை சொல்கிறேன். முதலில் கடையின் நகல் ஒன்றை எடுத்து, அதில் செய்யுங்கள். ரேசர்பேயை டெஸ்ட் மோடில் வைத்தால் பணம்தான் போலி. சரக்கு எண்ணிக்கை நிஜமாகவே குறையும். ஓடுகிற கடையில் சோதித்தால் அன்றே கையிருப்பு தப்பாகிவிடும்.

நகல் கடையில் ஐந்து கிலோ கல்லுப்பு மூட்டை 20 வையுங்கள், விலை 100 ரூபாய். மூன்று மூட்டை ஆர்டர் போடுங்கள். மொத்த ஆர்டருக்கு 50 ரூபாய் கூப்பன், அனுப்பும் செலவு 80 ரூபாய். உப்புக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால் வரிக் குழப்பம் கிடையாது. வாங்கியவர் கட்டியது 330 ரூபாய், கையிருப்பு 17.

இப்போது, அனுப்பும் முன்பே ஒரு மூட்டை வேண்டாம் என்கிறார். 100 ரூபாய் திருப்பினால் தப்பு. கூப்பன் மூன்று மூட்டைக்கும் பகிர்ந்து போயிருக்கிறது. ஒரு மூட்டைக்கு அவர் உண்மையில் கொடுத்தது 83 ரூபாய் 33 காசு. ரீஃபண்ட் பெட்டியில் மூட்டை எண்ணிக்கை 1 என்று போடுங்கள், தொகை தானாக வரும். தொகையை மட்டும் தட்டினால் பணம் போகும், கையிருப்பு அசையாது. `Restock refunded items` என்ற கட்டத்தில் டிக் இருக்கட்டும். கையிருப்பு 18 ஆகவேண்டும்.

மீதி இரண்டு மூட்டை போய்ச் சேர்ந்தது. ஒன்று கிழிந்து, ஈரம் வாங்கித் திரும்பி வருகிறது. மறுபடி 83.33 கொடுக்கிறோம். ஆனால் அந்த மூட்டையை இன்னொருவருக்கு விற்கமுடியாது. இந்தத் தடவை டிக்கை எடுத்துவிடவேண்டும். அது முதலிலேயே போட்டு வந்திருக்கும், கவனிக்காமல் விடுகிறவர்கள் அதிகம். கையிருப்பு 18-லேயே நிற்கவேண்டும். ஈரமூட்டையைச் சேதக் கணக்கில் தனியாக எழுதுங்கள்.

சரிபார்ப்போம். கிடங்கில் 18, வாங்கியவரிடம் 1, சேதம் 1, ஆக 20. பணத்தில், 330-இல் 166.66 போனது, மீதி 163.34. அதாவது கடைசி மூட்டைக்கு 83.34, அனுப்பும் செலவு 80. அந்த ஒரு காசைப் பாருங்கள். மூன்று மூட்டையையும் 83.33 வீதம் திருப்பி, அனுப்பும் செலவையும் கொடுத்தால் ஒரு காசு மிச்சம் நிற்கும். அந்த ஒரு காசு நிற்கும் வரை ஆர்டர் முழு ரீஃபண்ட் என்று மாறாது. கடைசி ரீஃபண்டில் மீதமுள்ளதை அப்படியே போடவேண்டும். வங்கிக்கணக்கோடு ஒப்பிடும்போது இன்னொன்று: பணம் வாங்கியதற்கு ரேசர்பே பிடித்த கட்டணம் ரீஃபண்ட் செய்தாலும் திரும்ப வராது. அதைச் செலவாக எழுதாவிட்டால் கணக்கு இடிக்கும்.

இதே ஆர்டரை வேறு நகலில் கெடுத்தும் பாருங்கள். ரீஃபண்ட் பட்டன் இரண்டு இருக்கும். `manually` என்று முடிவது கடைக் கணக்கில் மட்டும் எழுதும், வாங்கியவருக்கு ஒரு பைசா போகாது. ஆர்டர் நிலையை மட்டும் `Refunded` என்று மாற்றினாலும் இதே கதை. பணமும் போகாது, மூட்டையும் திரும்பாது. இதற்கு நேர் எதிராக ரேசர்பே திரையில் போய் நேரடியாகப் பணம் திருப்பினால் கடைக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால், அங்கே யாரும் கை வைக்கக்கூடாது என்று கடையில் சொல்லிவைக்கவேண்டும்.

கடைசியாக, இதே ஆர்டரை இன்னொரு புது நகலில் போட்டு, ஒரு மூட்டையை ரீஃபண்ட் செய்து கையிருப்பில் சேர்த்த பின் முழு ஆர்டரையும் ரத்து செய்யுங்கள். கையிருப்பு 20 வந்தால் சரி. 21 வந்தால் அந்த ஒரு மூட்டை இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கிறது. கடையில் போட்டிருக்கும் கூடுதல் ப்ளக்கின்களை ஒவ்வொன்றாக அணைத்து, எது அப்படி எண்ணுகிறது என்று தேடுங்கள். ப்ளக்கின் எதையாவது புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் நகலில் புதுப்பித்து, இந்த மூன்று மூட்டை ஆர்டரை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு நிஜக் கடையில் புதுப்பியுங்கள்.