ஒரே பதவிக்கு இருவர்

(சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "சார், நம்மவர்கள் பலர் இப்போது பிரமோஷன் வயதில் இருக்கிறார்கள். கூடவே அப்ளை பண்ணினவருக்குக் கிடைத்துவிட்டால் எப்படி முகம் கொடுப்பது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசுங்களேன்" என்றார். சாஸ்திரமெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு மத்திய சர்க்கார் லாபரட்டரி ஒன்றில் காலம் தள்ளியவன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2003-ஆம் வருஷம். நாகபுரியில் இருந்தோம். எங்கள் பிரிவின் தலைமைப் பதவி காலியாயிற்று. அதை 'காம்போசிட்' முறையில் நிரப்புவதாக விதி. அதாவது வெளி இலாகாக்காரர்கள் டெபுடேஷனில் வருவதற்கு விண்ணப்பிக்கலாம். உள்ளே தகுதியுள்ளவர்களையும் அவர்களோடு சேர்த்தே பரிசீலிப்பார்கள். உள்ளிருப்பவர் தேர்வானால் அது பிரமோஷனாகவே கணக்காகும். எங்கள் ஆபீஸிலிருந்து நானும் ஒரு வங்காள நண்பரும் மனுப் போட்டோம். சர்வீஸில் அவர் எனக்கு இரண்டு வருஷம் இளையவர்.

இதில் ரகசியம் என்று ஒன்றும் கிடையாது. இரண்டு மனுவையும் ஒரே குமாஸ்தாதான், ஐந்து வருஷ ரகசியக் குறிப்புகளோடும் விஜிலென்ஸ் கிளியரன்ஸோடும் மேலே அனுப்பினார். யூ.பி.எஸ்.ஸி. கூப்பிட்டபோது இருவரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒரே பெட்டியில் டில்லி போனோம். ஷாஜகான் ரோட்டில் தோல்பூர் ஹவுஸ் வெயிட்டிங் ஹாலில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். ஆகவே, "நீங்களும் அப்ளை பண்ணியிருந்தீர்களா, எனக்குத் தெரியாதே" என்ற நாடகத்துக்கெல்லாம் இடமில்லை.

திரும்பி வந்த சில வாரத்தில் அவர் பெயர்தான் வந்திருக்கிறது என்று பேச்சு கிளம்பிவிட்டது. கான்டீனில் சிலர் அவருக்குக் கை கொடுக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். நான் கொடுக்கவில்லை. மனசு இல்லாமல் அல்ல. சிபாரிசு வேறு, ஆர்டர் வேறு. நடுவில் அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டும், விஜிலென்ஸ் மறுபடி பார்க்கும். வந்த பெயர் மாதக்கணக்கில் கிடந்ததையும், கடைசியில் ஆர்டரே போடாமல் விட்டதையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் வாழ்த்துச் சொன்னால், கேட்பவர் 'ஆமாம்' என்றும் சொல்ல முடியாது, 'இல்லை' என்றும் சொல்ல முடியாது. போட்டியிட்டவனே வந்து சொன்னால் வேவு பார்க்க வந்தான் என்றுகூடத் தோன்றும்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஃபாக்ஸில் ஆர்டர் வந்தது. ஆபீஸ் விடுவதற்குள் அவர் அறைக்குப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாள் விட்டால் அந்த இரண்டு நாள் மௌனத்துக்கு ஆபீஸே அர்த்தம் கற்பிக்கும். அவரும் வீட்டில் உட்கார்ந்து, "இவன் ஏன் வரவில்லை" என்றுதான் யோசித்துக் கொண்டிருப்பார். இன்னொன்றும் உண்டு. இனி என் வருடாந்திர ரிப்போர்ட்டை எழுதப் போகிறவர் அவர். தாமதமாகப் போய் அதிகமாகப் புகழ்ந்தால் அது காக்காய் பிடிப்பதாகத்தான் தெரியும். சீக்கிரம் போய்க் கொஞ்சமாகப் பேசுவதே சரி.

என்ன சொல்வது? "உங்களைவிடத் தகுதியானவர் யாருமே இல்லை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படி நான் நினைத்திருந்தால் மனுவே போட்டிருக்க மாட்டேனே! அது அவருக்கும் தெரியும். ஆனால் அவர் செய்த ஒரு வேலையை நான் நிஜமாகவே மெச்சியிருந்தேன். தண்ணீர் சாம்பிள்களில் பி.ஓ.டி. என்று ஒரு சோதனை. நம் நாட்டு முறைப்படி 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து அளக்க வேண்டும். புதன், வியாழன்களில் ஆரம்பித்தால் மூன்றாம் நாள் சனியிலோ ஞாயிறிலோ விழும், லாபரட்டரி பூட்டியிருக்கும். திங்கட்கிழமை வந்து அளந்து எழுதிவிடுவார்கள். வருஷக்கணக்கில் ஒருவரும் கேட்காத இதைக் கவனித்து, சாம்பிள்கள் திங்கள், செவ்வாய், வெள்ளியில்தான் வரவேண்டும் என்று ஃபீல்டுக்காரர்களோடு மன்றாடி மாற்றியவர் அவர்தான்.

அதையே சொன்னேன். "ஆர்டர் பார்த்தேன், மனப்பூர்வமான வாழ்த்துக்கள். அந்த பி.ஓ.டி. அட்டவணையை மாற்றினீர்களே, அந்த மாதிரி வேலை இந்தப் பிரிவு முழுக்கத் தேவைப்படுகிறது. என்னிடம் உள்ள ஃபைல்களோடு திங்கட்கிழமை காலை வந்து உட்காருகிறேன்." அவ்வளவுதான். கதவு திறந்தே இருந்தது, நான் நின்றுகொண்டே பேசினேன்.

கஷ்டப்பட்டவர் அவர்தான். "இது உங்களுக்கு வந்திருக்க வேண்டியது" என்றார். நம்மில் பலர் வழுக்குவது இங்கேதான். "அதனாலென்ன, எனக்கு ஆசையே இல்லை" என்றால் பொய். "ஆமாம், சீனியாரிட்டி பார்த்திருந்தால்..." என்று ஆரம்பித்தால், கொடுத்த வாழ்த்தைத் திருப்பி வாங்கிக்கொண்ட மாதிரி. நான், "ஏமாற்றம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் போர்டு இருவரையும் பார்த்துத்தான் முடிவு செய்தது. அதில் உங்கள் பேரில் எனக்கு ஒன்றுமில்லை" என்றேன். அவர் எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை.

சில பேர் கேட்பார்கள்: அநியாயம் நடந்திருந்தால்? முறையீடு செய்ய நினைப்பவன் வாழ்த்தலாமா? தாராளமாக வாழ்த்தலாம். முறையீடு தேர்வின் மேல், மனிதர் மேல் அல்ல. வாழ்த்தினதால் உரிமை போய்விடாது. முதலில் இலாகாவுக்கு முறைப்படி மனு. அதற்கு ஆறு மாதத்தில் பதில் இல்லையென்றால், அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்குள் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 1985-ஆம் வருஷச் சட்டம் அப்படி. சட்டம் அவ்வளவு அவகாசம் தருகிறது. வாழ்த்துக்கு ஒரு நாள்தான். ஆனால் இரண்டையும் ஒரே வாயால், ஒரே அறையில் பேசக்கூடாது. எனக்கு அந்தத் தேர்வில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆகவே நான் மனுப் போடவில்லை.

வீட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒரே குவார்ட்டர்ஸ், எதிர் பிளாக். என் சகதர்மிணி கேட்டாள், "ஏன்னா, நாளைக்கு அந்த மாமியைப் பார்த்தா நான் என்ன சொல்றது?" "நான் சொல்லியாச்சு, நீ சும்மா இரு" என்றேன். அவள் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே ஒரு டப்பாவில் தேன்குழலை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

இப்போது எல்லாம் வாட்ஸப். குரூப்பில் நாற்பது பேர் பூங்கொத்துப் படம் போடும்போது நீங்களும் போடுங்கள், போடாவிட்டால் அதைக் கவனிப்பார்கள். ஆனால் கூடப் போட்டியிட்டவருக்கு அது போதாது. வேறு ஊரில் இருந்தால் போன் பண்ணுங்கள்; ஒரே கட்டடமென்றால் நடந்து போங்கள்.

திங்கட்கிழமை ஒரு சங்கடம் பாக்கி இருந்தது. அதுவரை அவர் என்னை 'சார்' என்பார், நான் அவரை 'தாதா' என்பேன். அன்று மீட்டிங்கில், பத்துப் பேர் நடுவில், முதல் வாக்கியத்திலேயே 'சார்' என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தனியாக டீ குடிக்கும்போது மட்டும் பழைய 'தாதா'தான்.

அடுத்த ஐந்து வருஷம் என் ரிப்போர்ட்டை அவர்தான் எழுதினார். அந்தக் காலத்தில் பாதகமாக எழுதினால்தான் நமக்குத் தெரிவிப்பார்கள். முழு ரிப்போர்ட்டையும் காட்டும் வழக்கம் 2009-க்கு அப்புறம்தான் வந்தது. எனக்கு ஒன்றும் தெரிவிக்கவில்லை. நல்லதாக என்ன எழுதினார் என்பதும் இன்றுவரை எனக்குத் தெரியாது.