விகிதப் பொருத்தமும் நியாயமின்மையும்: நீதிமன்றச் சீராய்வின் இரண்டு அளவுகோல்கள்

அரசு ஆணையின் உள்ளடக்கத்தைச் சீராயும் நீதிமன்றம் இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்கிறது. நிதானமுள்ள எந்த அதிகாரியாவது இந்த முடிவுக்கு வந்திருக்க முடியுமா என்பது முதல் கேள்வி. 1947இல் இங்கிலாந்தில் முடிவான வெட்னஸ்பரி திரையரங்கு வழக்கில் உருவான நியாயமின்மைச் சோதனை இது. இதில் முடிவு தவறென்று காட்டினால் போதாது. அது யாரும் எடுக்கவே முடியாத முடிவு என்று வழக்குத் தொடுத்தவர் நிறுவ வேண்டும். எட்ட நினைத்த நோக்கத்துக்கு இவ்வளவு கடுமை தேவைதானா, இதைவிடக் குறைந்த பாதிப்பில் அதே பலன் கிடைத்திருக்காதா என்பது இரண்டாவது கேள்வி. இது விகிதப் பொருத்தச் சோதனை. இங்கே விளக்கம் சொல்லும் பொறுப்பு அரசின் மீது விழுகிறது.

இரண்டாவது கேள்வியின் வித்து இந்தியாவில் சென்னை மாநில வழக்கொன்றில் கிடக்கிறது. 1950 மார்ச்சில் சென்னை அரசு மக்கள் கல்விக் கழகத்தைச் சட்டவிரோத அமைப்பாக அறிவித்தது. கழகத்தின் பொதுச் செயலாளர் வி.ஜி. ராவ் அதை எதிர்த்தார். உயர் நீதிமன்றத்தில் தோற்ற அரசு உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 1952இல் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய தீர்ப்பு, பறிக்கப்படும் உரிமை எத்தகையது, தடுக்க வேண்டிய தீமை எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரமானது, விதித்த கட்டுப்பாடு அதற்கு மிஞ்சியதா என்று ஒவ்வொன்றாக எடைபோட்டது. சங்கம் அமைக்கும் உரிமையை அரசின் சொந்தத் திருப்தியை மட்டும் நம்பிப் பறிக்க அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. நீதிமன்றம் விசாரிக்க வழியில்லை. ஆலோசனைக் குழுவின் பார்வை மட்டும் அதற்கு ஈடாகாது. அதனால் சட்டப்பிரிவு வீழ்ந்தது. விகிதப் பொருத்தம் என்ற கோட்பாட்டுப் பெயர் பின்னால் வந்தது. வேலை அன்றே நடந்துவிட்டது.

இதோடு 1997இல் முடிவான கணாயுதம் வழக்கை வைத்துப் பார்த்தால் கடுமை எப்படி மாறுகிறது என்பது தெரியும். மத்திய கலால் துறைக் கண்காணிப்பாளர் ஒருவர் மீது சில குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின. அவருடைய ஓய்வூதியத்தில் பாதியை நிறுத்த அரசு ஆணையிட்டது. அது கூடுதல் தண்டனை என்று கருதிய நிர்வாகத் தீர்ப்பாயம், பத்து ஆண்டுகளுக்கு மட்டும் நிறுத்தினால் போதும் என்றது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் அரசின் ஆணையை மீட்டது. அடிப்படைச் சுதந்திரம் எதுவும் பாதிக்கப்படாத இடத்தில் வெட்னஸ்பரி சோதனையே போதும் என்பது காரணம். பத்தாண்டு போதாதா, ஆயுள் முழுவதும் ஏன் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. ராவ் வழக்கின் கேள்விகளைக் கேட்டிருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு பாதைகளையும் 2000ஆம் ஆண்டின் ஓம் குமார் தீர்ப்பு வகுத்துச் சொன்னது. பேச்சுரிமை போன்ற சுதந்திரங்கள் குறுக்கப்பட்டாலும், 14ஆம் உறுப்பின்படி பாகுபாடு என்று முறையிட்டாலும், நீதிமன்றமே முதன்மை ஆய்வாளராக நின்று விகிதப் பொருத்தம் பார்க்கும். ஆணை தன்னிச்சையானது என்று மட்டும் சொன்னால், பணித்துறைத் தண்டனைகளில் போல, அதன் ஆய்வு இரண்டாம் நிலையில் நின்றுவிடும்.

இந்தப் பிரிவில் ஒரு குறை உண்டு. ராணித்தோட்டம் அரசுப் பேருந்துப் பணிமனையின் நடத்துநர் ஒருவர் பயணச்சீட்டுப் பணக் குறைவுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டதாகக் கொள்வோம். குடும்பம் முழுதும் அந்தச் சம்பளத்தில் நிற்கிறது. வாழ்வாதாரமும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று 1985இல் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு சொல்லியிருந்தும், அவருக்குக் கிடைப்பது மென்மையான ஆய்வுதான். ஒரு நாள் கூட்டத்துக்கு விதித்த தடையோ கடும் ஆய்வுக்கு உள்ளாகும். இழப்பின் பாரத்தைவிட உரிமையின் பெயரே அளவுகோலைத் தீர்மானிக்கிறது என்பது நியாயமாகப் படவில்லை.

மென்மையான ஆய்விலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. ரஞ்சித் தாக்கூர் என்ற ராணுவ வீரர், உணவு உண்ணச் சொன்ன கட்டளையை மறுத்ததற்காக ஓராண்டுச் சிறையும் பணிநீக்கமும் பெற்றார். 1987இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. 1995இன் பி.சி. சதுர்வேதி தீர்ப்பு இதை மனசாட்சியை உலுக்கும் தண்டனை என்று வரையறுத்தது. அப்போதும் வழக்கமாகத் தண்டனையை மறுபரிசீலனை செய்ய அதிகாரியிடமே வழக்கு திரும்பும். நீதிமன்றமே குறைப்பது அரிது. ஆனால் எது உலுக்கும், எது உலுக்காது என்பதற்குப் படிநிலை எதுவும் இல்லை. நீதிபதிக்கு நீதிபதி அது மாறலாம்.

நடத்துநருக்கு இன்னொரு வழியை நாடாளுமன்றமே தந்தது. 1971இல் தொழில் தகராறு சட்டத்தில் சேர்ந்து, 2025இல் அச்சட்டம் நீக்கப்படும்வரை நடப்பில் இருந்த 11ஏ பிரிவு, வேலைநீக்கம் மிகையானால் அதைக் குறைக்கும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு நேரடியாக அளித்தது. அதனால் தண்டனையின் அளவைப் பற்றிய சான்றுகள், நெடுநாள் குற்றமற்ற பணி, அதே தவறுக்கு மற்றவர் பெற்ற தண்டனை ஆகியவற்றை அந்த விசாரணையிலேயே பதிவு செய்துவிட வேண்டியிருந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனுவாக வழக்கு வரும்போது நீதிபதி பெரும்பாலும் அந்தப் பதிவுக்குள்தான் பார்ப்பார். தண்டனையைப் புதிதாக எடைபோட மாட்டார்.