தொலைந்ததா, திருடு போனதா? ஓட்டுநர் உரிமத்துக்கு ஒரு போலீஸ் கடிதம்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)

போன கூட்டத்தில் நான் உரிமத்தைத் தொலைத்த கதையைச் சும்மா சொல்லப்போக, "அதையே அடுத்த மாசம் பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று செயலாளர் மாட்டிவிட்டார். முப்பத்தைந்து வருஷம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து, "பாஸ்புக் தொலைந்துவிட்டது", "டெபாசிட் ரசீது தொலைந்துவிட்டது" என்ற கடிதங்களை வாங்கியவன் நான். எத்தனையோ பேரிடம் "இது சரியில்லை, திருத்தி எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறேன். கடைசியில் நான் எழுதிய கடிதமே எனக்குத் திரும்பி வந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். 2025 ஜூலை 12, சனிக்கிழமை. காலை பதினொரு மணிக்குத் தபால் நிலையத்தில் ஒரு பதிவுத் தபால் வாங்கப் போனேன். அடையாள அட்டை கேட்டார்கள், ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினேன். திரும்பக் கொடுத்ததைப் பர்ஸில் வைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அங்கிருந்து ஸ்கூட்டரில் நேரே மீன்பிடித் துறைமுகம். தடைக்காலம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது, சீலா மீன் நன்றாக வந்திருந்தது. குனிந்து குனிந்து பார்த்து ஒன்றைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு ஒரு மணிக்கு வீடு வந்தேன். சாயங்காலம் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பை காலி.

மறுநாள் போய்த் தேடினேன். கிடைக்கவில்லை. திங்கட்கிழமை ஒரு கடிதம் எழுதிக்கொண்டு காவல் நிலையம் போனேன். அதில் "எனது ஓட்டுநர் உரிமம் யாரோ சில விஷமிகளால் களவாடப்பட்டுவிட்டது" என்று எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் கனமாக இருக்கும், சீக்கிரம் வேலை நடக்கும் என்று ஒரு நினைப்பு.

ரைட்டர் வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "சார், யார் எடுத்ததைப் பாத்தீங்க?"

"பாக்கல தம்பி."

"பர்ஸும் போச்சா?"

"பர்ஸ் இருக்கு. இது மட்டும் சட்டைப் பையில இருந்தது."

"அப்ப விழுந்திருக்கும்லா? திருட்டுன்னு எழுதினா எஃப்.ஐ.ஆர். போடணும், விசாரிக்கணும். நாளைக்கு நீங்களே வந்து, இல்ல விழுந்துதுன்னு சொன்னா யாருக்குக் கஷ்டம்?"

அவர் சொன்னதுதான் இந்த விஷயத்தின் அடிப்படை. பொருள் தொலைவது குற்றம் ஆகாது. அதற்கு முதல் தகவல் அறிக்கை கிடையாது. மனுவைப் பெற்றுக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள், விசாரித்துவிட்டுக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்று தருவார்கள். திருட்டு என்றால் அது குற்ற வழக்கு, வேறு பாதை. நடக்காத திருட்டை நடந்ததாக எழுதிக் கொடுத்தால், அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் கொடுத்த குற்றம் நம் மேலேயே வரும். புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்குப் பிரிவு 217 இருக்கிறது. மாறாக, பேருந்தில் பையை அறுத்துப் பர்ஸோடு எடுத்துப் போயிருந்தால், "தொலைந்தது" என்று மென்று விழுங்கவும் கூடாது. அதைத் திருட்டு என்றே எழுத வேண்டும்.

வெளியே வந்து ஸ்கூட்டர் சீட்டின் மேல் தாளை வைத்து வேறு கடிதம் எழுதினேன். அதை அப்படியே வாசிக்கிறேன். இடங்களை மட்டும் நீங்கள் நிரப்பிக்கொள்ளலாம்.

"அனுப்புநர்: (பெயர், தந்தை பெயர், வயது, முழு முகவரி, கைபேசி எண்). பெறுநர்: காவல் ஆய்வாளர் அவர்கள், (நிலையத்தின் பெயர்), தூத்துக்குடி. பொருள்: ஓட்டுநர் உரிமம் தொலைந்தது, நகல் உரிமம் பெறச் சான்று வேண்டுதல்.

ஐயா, எனது ஓட்டுநர் உரிமத்தின் எண் (இங்கே எண்). தூத்துக்குடி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வழங்கப்பட்டது. (இங்கே தேதி) வரை செல்லத்தக்கது. 12.07.2025 அன்று காலை 11 மணிக்குத் தபால் நிலையத்தில் அதைக் காட்டித் திரும்பப் பெற்றேன். பின்பு மீன்பிடித் துறைமுகம் சென்று, பகல் 1 மணிக்கு வீடு திரும்பினேன். மாலை 6 மணிக்குப் பார்த்தபோது உரிமம் இல்லை. மீன்பிடித் துறைமுகத்தில் தவறி விழுந்திருக்கலாம் எனக் கருதுகிறேன். மறுநாள் தேடியும் கிடைக்கவில்லை. யார் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை. மேற்படி உரிமத்தை எந்த அதிகாரியும் பறிமுதல் செய்யவில்லை, அது தற்காலிக நீக்கத்திலும் இல்லை. எவரிடமும் அடமானமாகக் கொடுக்கவில்லை. ஆகவே எனது மனுவைப் பதிவு செய்து ரசீது வழங்குமாறும், உரிமம் கிடைக்காத நிலையில், நகல் உரிமம் பெறுவதற்காக, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

கீழே இடம், தேதி, கையெழுத்து. இணைப்பாக உரிமத்தின் ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் நிலைய முத்திரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

இதில் சில வரிகள் ஏன் என்று சொல்ல வேண்டும். கடைசியாகக் கையில் இருந்த நேரம், காணோம் என்று தெரிந்த நேரம், இந்த இரண்டும் கட்டாயம் வேண்டும். உங்கள் உரிமத்தை எவனோ எடுத்து சிம் கார்டு வாங்கினாலோ கடன் கேட்டாலோ, அன்று அது உங்கள் கையில் இல்லை என்பதற்கு முத்திரை போட்ட இந்தத் தேதிதான் சாட்சி. வங்கியில் தொலைந்த காசோலைக்கும் இதே கதைதான். தகவல் சொன்ன நேரத்துக்கு முன், பின் என்று பார்த்துத்தான் பொறுப்பே யாருக்கென்று முடிவாகும்.

பறிமுதல் இல்லை என்ற வரியும் சும்மா எழுதியதல்ல. போக்குவரத்து விதிமீறலுக்காக உரிமத்தைப் பிடித்து வைத்திருக்கும்போது, தொலைந்தது என்று சொல்லி இன்னொன்று வாங்கப் பார்ப்பவர்கள் உண்டு. அந்தச் சந்தேகத்தை நாமே முன்கூட்டித் தீர்த்துவிடுகிறோம்.

எந்த நிலையம் என்பதிலும் குழப்பம் வரும். திருட்டு போன்ற குற்றம் என்றால், எல்லை பார்க்காமல் எந்த நிலையத்திலும் புகார் பதியச் சட்டம் இடம் தருகிறது. தொலைந்த பொருளுக்கு, விழுந்திருக்கக்கூடிய இடத்தின் நிலையத்துக்கே போவது நல்லது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று போனால், "இது எங்க லிமிட் இல்ல சார்" என்ற பதிலோடு திரும்புவீர்கள்.

என் மகன் ஊரிலிருந்து வந்தவன் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தான். தமிழ்நாடு காவல்துறையின் eservices.tnpolice.gov.in தளத்தில் Lost Document Report என்று ஒரு வசதி இருக்கிறது. ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., பாஸ்போர்ட், கல்விச் சான்றிதழ், அடையாள அட்டை தொலைந்தால் அதில் பதியலாம். கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொடுத்து, எந்த ஆவணம், என்ன எண், எங்கே, எப்போது என்று நிரப்பினால், எண்ணோடு ஓர் அறிக்கை கிடைக்கும். நகல் ஆவணம் வாங்குவதற்கென்றே வந்த ஏற்பாடு இது. ஆனால் அது நாம் சொன்னதன் பதிவுதான். போலீசார் விசாரித்துத் தந்த சான்று அல்ல. ஆகவே நகல் தரும் அலுவலகத்தில் இந்த அறிக்கை போதுமா, கையெழுத்துப் போட்ட சான்றுதான் வேண்டுமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். திருட்டுக்கு இந்த வழி செல்லாது.

சான்று கைக்கு வந்தபின் sarathi.parivahan.gov.in தளத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, உரிம எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்து நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தொலைந்ததைத் தெரிவித்து நகல் கேட்கும் படிவத்துக்கு எல்.எல்.டி. என்று பெயர். நம் வயதுக்காரர்கள் இந்த இடத்தில்தான் இரண்டு வகையில் இடறுகிறார்கள்.

ஒன்று, காலாவதி. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் உரிமம் ஐந்தைந்து வருஷத்துக்குத்தான் புதுப்பிக்கப்படும். நம் பி பிளாக் நண்பர் ஒருவர் நகல் கேட்கப் போனபோதுதான், உரிமமே நான்கு மாதத்துக்கு முன் முடிந்துபோனது தெரிந்தது. காலாவதியான உரிமத்துக்கு நகல் வாங்கி என்ன செய்ய? புதுப்பித்தலையும் நகலையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதற்கு 1ஏ படிவத்தில் மருத்துவர் சான்றும் வேண்டும். முடிந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மறுபடி எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியதுதான். எழுபது வயதில் எட்டுப் போடுவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

இரண்டு, பழைய புத்தக உரிமம். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986 அக்டோபரில். அதற்கு முன் திருநெல்வேலியில் உரிமம் எடுத்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இப்போதைய எண் TN69, பிறகு வழங்கிய வருஷம், பிறகு ஏழு இலக்கம் என்று வரும். பழைய எண் அப்படி இருக்காது. கணினியில் ஏற்றப்படாத உரிமம் தளத்தில் தேடினால் வராது. வழங்கிய அலுவலகத்தில் பதிவேட்டைப் பார்த்து ஏற்றச் சொல்ல வேண்டும். அதற்கு உங்களிடம் ஒரு ஜெராக்ஸாவது இருக்க வேண்டும். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அதை எடுத்து வையுங்கள்.

நகல் வரும்வரை வண்டி ஓட்டலாமா என்று போன தடவை கேட்டீர்கள். கைபேசியில் எடுத்த போட்டோ செல்லாது. டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ உள்ள உரிமம் அசலுக்குச் சமம் என்று 2018-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. நானும் மூன்று வாரம் அப்படித்தான் ஓட்டினேன்.

கடைசியாக ஒரு விஷயம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நகல் வந்து ஒரு மாதம் கழித்து, என் மனைவி மீன் வாங்கும் ஒயர் கூடையைக் கழுவிக் கவிழ்த்தாள். அடியில் விரித்திருந்த பழைய தினசரித் தாளோடு ஒட்டிக்கொண்டு அசல் உரிமம் வந்து விழுந்தது. கூடைக்குள் மீனை வைக்கக் குனிந்தபோது விழுந்திருக்கிறது. "களவாண்ட விஷமி ஆப்புட்டான்" என்றாள்.

இரண்டையும் வைத்துக்கொள்ளக் கூடாது. நகல் வாங்கியபின் அசல் கிடைத்தால் அதை உரிமம் வழங்கும் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. மீன் வாடையோடு ஓர் உறையில் போட்டு, மறுநாளே ஒரு கடிதத்துடன் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் கடிதத்தின் நகலும் என்னிடம் இருக்கிறது. போலீஸ் கடிதத்தின் மாதிரியோடு சேர்த்துச் சங்க அலுவலகக் கோப்பில் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் மாலை ஐந்துக்கு மேல் வந்தால் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம்.