உப்புக்கு ஏன் ஆறு முகம்?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான வட்டார அளவிலான கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி ஒரு கடிதத்தோடு என்னிடம் வந்தாள். அவளுடைய சித்தப்பா தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறார். சித்தப்பாவின் மகன் ஐந்தாம் வகுப்பு. உப்பைக் கைலென்ஸில் பார்த்துவிட்டு, "அக்கா, உப்பெல்லாம் குட்டிக் குட்டிப் பெட்டியா இருக்கு. இதை யார் வெட்டினது?" என்று கேட்டிருக்கிறான். அவனுக்குப் பதில் எழுதி, தபாலில் சேர்க்கும் முன் சரிபார்க்கச் சொன்னாள்.

"உப்புக்குள் சோடியம், குளோரைடு அயனிகள் கனசதுரமாக அடுக்கப்பட்டுள்ளன. ஆகவே உப்பும் கனசதுரமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தாள். பல ஆண்டுகளாக நான் வகுப்பில் சொல்லிவரும் விளக்கம்தான் அது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். என் மேசையில் வகுப்புக்காக வளர்த்த படிகாரப் படிகம் ஒன்று நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அவள் கேட்டாள்: "டீச்சர், படிகாரமும் கனசதுர அடுக்குன்னுதானே சொன்னீங்க? அது ஏன் பெட்டியா இல்லை?"

படிகாரத்துக்கு எட்டு முகம். இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியது போல இருக்கும். உள்ளே இருக்கும் அடுக்கு கனசதுர வகைதான், ஆனால் வெளி வடிவம் கனசதுரமல்ல. அப்படியென்றால் என் வாக்கியத்தில் இருந்த "ஆகவே" நிற்காது. அன்று என்னிடம் பதில் இல்லை. இருவரும் புத்தகங்களைத் தேடினோம், உப்பையும் வளர்த்துப் பார்த்தோம். மூன்று வாரம் கழித்து அவள் எழுதிய இரண்டாவது கடிதத்தை அவள் அனுமதியோடு வாசிக்கிறேன்.

"அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது.

உப்பை யாரும் வெட்டவில்லை. அது அப்படியே வளர்கிறது. உப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத இரண்டு வகைத் துகள்கள் உண்டு. சோடியத்துக்குக் கூட்டல் மின்சுமை, குளோரைடுக்குக் கழித்தல் மின்சுமை. கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று இழுக்கும். ஒரே வகை இரண்டு சேர்ந்தால் தள்ளும். அதனால் ஒவ்வொரு சோடியமும் மேலே, கீழே, இடம், வலம், முன், பின் என்று ஆறு பக்கமும் குளோரைடை வைத்துக்கொள்ளும். குளோரைடும் தன்னைச் சுற்றி ஆறு சோடியத்தை வைத்துக்கொள்ளும். சதுரங்கப் பலகையை நினைத்துக்கொள். கறுப்புக்கு மேல் வெள்ளை, வெள்ளைக்கு மேல் கறுப்பு வரும்படி பலகைகளை அடுக்கிக்கொண்டே போனால் அதுதான் உப்பு. நம் வீட்டுத் தூள் உப்பில் ஒரு சிறு மணியின் ஒரு விளிம்பில் மட்டும் சுமார் பத்து லட்சம் துகள்கள் வரிசையாக நிற்கும்.

இது பாதிப் பதில்தான். இதே அடுக்கில் மூலைகளைச் சீவிவிட்டால் வேறு வடிவமும் வருமே? அது ஏன் தானாக வருவதில்லை?

தண்ணீர் வற்ற வற்ற, துகள்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டுகின்றன. சதுரங்கப் பலகை போன்ற தட்டையான முகத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தால், அதற்குக் கீழே இருக்கும் ஒரே ஒரு துகள்தான் அதை ஒட்டிப் பிடிக்கும். அந்தப் பிடி போதாது. அது பெரும்பாலும் நழுவித் தண்ணீருக்கே போய்விடும். ஆனால் ஒரு வரிசை பாதியில் நின்றால், அதன் முனையில் வந்து சேரும் துகளைக் கீழே ஒன்று, பக்கத்தில் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூன்று பேர் பிடிப்பார்கள். அதனால் தட்டையான முகம் வரிசை வரிசையாக, மெதுவாகத்தான் வளரும்.

மூலையைச் சீவிய முகம் அப்படியில்லை. அங்கே எல்லாம் கூட்டலாகவோ எல்லாம் கழித்தலாகவோ இருக்கும். எதிர் வகைத் துகள் எங்கே வந்து உட்கார்ந்தாலும் உடனே மூன்று பேர் பிடித்துக்கொள்வார்கள். அதனால் அந்த இடம் சீக்கிரம் நிரம்பும். நிரம்ப நிரம்ப அந்த முகம் சிறுத்துக்கொண்டே போய்க் கூர்முனையாகி மறைந்துவிடும். கடைசியில் மெதுவாக வளர்ந்த ஆறு முகங்கள் மட்டும் மிஞ்சும். அதுதான் நீ பார்த்த பெட்டி.

நானே செய்து பார்த்தேன். வளர்த்த உப்புக் கட்டி ஒன்றின் மூலையை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினேன். தெவிட்டிய உப்புக் கரைசலில் திரும்பப் போட்டு மூடி வைத்தேன். சில நாளில் மூலை மறுபடி கூராகிவிட்டது.

அப்பா வேலை செய்யும் பாத்தியில், வெயில் நேரத்தில் தண்ணீர் மேல் மிதக்கும் உப்பை எடுத்துப் பார். தலைகீழ்க் கோபுரம் போல, நடுவில் படிப்படியாகக் குழிந்திருக்கும். மேல்பரப்பில் பிறந்த சிறு பெட்டி கனத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அமிழும். புது உப்பு அதன் மேல் விளிம்பைச் சுற்றியே ஒட்டும். அதனால்தான் அந்தப் படிகள். அதிலும் எல்லா மூலையும் சதுர மூலைதானா என்று பார்த்து எழுது.

அன்புடன், அக்கா."

கடிதம் இத்துடன் முடிகிறது. இதை வகுப்பில் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு எங்கள் தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். படிகாரத்தைப் போலவே உப்பையும் சூடான நீரில் கரைத்து ஆறவைத்தால் படிகம் வரும் என்று நினைத்தோம். எதுவும் வரவில்லை. 100 மில்லிலிட்டர் நீரில் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 36 கிராம் உப்பு கரையும். கொதிநிலையிலும் 39 கிராம்தான். ஆறினால் வெளியே வரும் உப்பு மிகக் குறைவு. நீர் வற்றினால்தான் உப்பு வெளிவரும்.

அடுத்து, அவசரப்பட்டு அடுப்பில் வற்றவைத்தோம். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான மணிகள் பிறந்து வெள்ளைப் பொருக்காகிவிட்டது. பாக்கெட் தூள் உப்பிலும் முயன்றோம். கட்டிபடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளால் கரைசல் கலங்கியது. கடைசியில் 100 மில்லிலிட்டர் சூடான நீரில் 40 கிராம் கல் உப்பைக் கலக்கி ஆறவிட்டோம். அடியில் கொஞ்சம் உப்பு கரையாமல் மிஞ்சினால் கரைசல் தெவிட்டிவிட்டது என்று பொருள். தெளிந்ததைத் துணியில் வடித்து, தட்டையான கிண்ணத்தில் ஊற்றி, தாளால் மூடி, ஆட்டாமல் ஒரு வாரம் வைத்தோம். சில மில்லிமீட்டர் அளவில் தெளிவான படிகங்கள் கிடைத்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உப்புக்கு எப்போதும் கனசதுரம்தான் என்று முடித்துவிடக் கூடாது. சிறுநீர் கலந்த கரைசலில் உப்பு எட்டு முகத்தோடு வளர்வதை 1783-இல் பிரெஞ்சு அறிஞர் ரோமே தெ லீல் பதிவு செய்திருக்கிறார். அதற்குக் காரணம் யூரியா. அது மூலை முகங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது. இப்போது மெதுவாக வளர்பவை அந்த எட்டு முகங்கள். எனவே மிஞ்சுபவையும் அவையே. உள்ளே அடுக்கு மாறவில்லை. அந்த அடுக்கை 1913-இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு கண்டறிந்தவர் லாரன்ஸ் பிராக்.

இப்போது நான் வகுப்பில் "ஆகவே" என்று தாவுவதில்லை. அடுக்கு எந்தெந்த முகங்கள் சாத்தியம் என்று சொல்கிறது. அவற்றில் எது மிஞ்சும் என்பதை வளரும் வேகம் தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

தம்பியிடமிருந்து பதில் வந்தது. தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, பாத்தியின் அடியிலிருந்து எடுத்த நான்கு படிகங்களை அனுப்பியிருந்தான். கூடவே ஒரு துண்டுச்சீட்டு: "அக்கா, மேலே பார்த்தா சதுரம்தான். ஆனா உயரம் பாதிதான் இருக்கு. மிச்சப் பாதி எங்கே?"

தரையில் படிந்து வளரும் படிகத்தின் அடிமுகத்துக்குக் கரைசல் போய்ச் சேராது. அதனால் அது ஐந்து பக்கம்தான் வளர முடியும். அதை அவனுக்கு நாங்கள் எழுதவில்லை. ஒரு சிறு படிகத்தை நூலில் கட்டிக் கரைசலின் நடுவில் தொங்கவிட்டு வளர்த்துப் பார்க்கும்படி அவன் அக்கா எழுதியிருக்கிறாள்.